பனடோல், விரதம், ஈரலின் மூன்றாம் வலயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் தொடங்கும். வீட்டுக்கு வீடு பனடோல் பெட்டி திறக்கும். அதே காலத்தில்தான் கந்தசஷ்டி விரதமும் வரும். உயர்தர வகுப்பில் ஈரல் பாடம் படிப்பிக்கும்போது மாணவர் கேட்பவையும், தாய் தகப்பனுக்குச் சுகமில்லை என்று ரிப்போட்டைக் கொண்டுவருபவர்கள் கேட்பவையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. அந்த இடம் ஈரலைக் கட்டியிருக்கும் சின்ன அலகான சிறுசோணையின் நடுப்பகுதி. அதனால் இரண்டு பக்கக் கேள்விகளையும் சேர்த்தே இங்கே தந்திருக்கிறேன்.

சிறுசோணை கண்ணுக்குத் தெரியுமா, இல்லை புத்தகப் படம்தானா?

தெரியும், ஆனால் ஆட்டு ஈரலில் தேடாதீர்கள். பன்றி இறைச்சி விற்கும் இடத்தில் ஒரு துண்டு ஈரல் வாங்கி, கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேற்பரப்பு முழுக்க வெளிறிய மெல்லிய கோடுகள் வலை போல ஓடும். ஒவ்வொரு கண்ணும் ஐந்து ஆறு பக்கம் கொண்டது. குறுக்களவு ஒன்று, இரண்டு மில்லிமீற்றர். ஒரு கண், ஒரு சிறுசோணை. பன்றியில் ஒவ்வொரு சிறுசோணையையும் தொடுப்பிழையம் வேலி போட்டுச் சுற்றியிருப்பதால்தான் இவ்வளவு தெளிவு. மல்பிகி 17ஆம் நூற்றாண்டில் ஈரலின் இந்தச் சின்ன அலகுகளைப் பற்றி எழுதினார்.

மனித ஈரலில் அந்த வேலி கிடையாது. நுணுக்குக்காட்டியில் பார்த்தாலும் எல்லை தெரியாது. நடுவில் ஒரு மைய நாளத்தையும் சுற்றிவர மூலைகளையும் கண்டுபிடித்து, மனதால் கோடு போட வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் மூன்று குழாய்கள் ஒன்றாக நிற்கும்: ஈரல் வாயினாளத்தின் கிளை, ஈரல் நாடியின் கிளை, ஒரு சின்னப் பித்தக்கான். இந்த மூன்றையும் கண்டால் நீங்கள் சிறுசோணையின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். தனியாக, மெல்லிய சுவரோடு ஒரு குழாய் மட்டும் நின்றால் அது மைய நாளம்.

இரத்தம் வெளியிலிருந்து உள்ளே போகிறதா, உள்ளேயிருந்து வெளியே வருகிறதா? எனக்கு ஒவ்வொரு முறையும் மாறிப்போகுது.

வெளியிலிருந்து உள்ளே. பித்தம் மட்டும் எதிர்ப்பக்கம் போகும்.

ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் இரத்தம் வருகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து வாயினாளம் வழியாக வருவது. சாப்பாட்டின் சத்தும், விழுங்கிய மருந்தும், குடல் கிருமிகளின் கழிவும் அதில்தான் இருக்கும். மீதி ஒரு பங்கு ஈரல் நாடி கொண்டுவரும் ஒட்சிசன் நிறைந்த இரத்தம். இரண்டும் மூலையில் கலந்து, சைனுசொயிட் எனப்படும் அகன்ற, ஓட்டைச் சுவர் கொண்ட மயிர்க்குழாய்களில் இறங்கி, இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும் ஈரற் கலங்களைத் தொட்டுக்கொண்டே மைய நாளத்தை அடைகின்றன. மூலையிலிருந்து மைய நாளம் வரை ஏறத்தாழ இருபது கலங்கள். மொத்தத் தூரம் அரை மில்லிமீற்றர் அளவுதான்.

வெங்காயத் தோட்டத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. வாய்க்காலின் முதல் பாத்திக்கு வரும் தண்ணீரும் கடைசிப் பாத்திக்கு வரும் தண்ணீரும் ஒன்றல்ல. இங்கே வழியிலுள்ள ஒவ்வொரு கலமும் ஒட்சிசனை எடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்கு விடுகிறது. மூலையில் 60 முதல் 65 மி.மீ. இரசம் வரை இருக்கும் ஒட்சிசன் அமுக்கம், மைய நாளத்துக்கு வரும்போது 30 முதல் 35 வரை இறங்கிவிடுகிறது. அரை மில்லிமீற்றருக்குள் பாதி போய்விட்டது.

சிறுசோணையா, அசினசா? பரீட்சைக்கு எதை எழுதுவது?

கேள்வி எதைக் கேட்கிறதோ அதை. சிறுசோணை என்பது கண்ணால் காணும் வடிவம். மைய நாளம் நடுவில். அசினசு என்பது இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்து ரப்பபோட் 1954இல் முன்வைத்த பிரிப்பு. வலயம் 1, 2, 3 என்ற எண்கள் அவருடையவை. இரத்தம் நுழையும் மூலைக்குக் கிட்ட வலயம் 1, மைய நாளத்தைச் சுற்றி வலயம் 3, இடையில் 2. இலக்கம் இரத்தம் போகும் திசையில் கூடுகிறது என்று மட்டும் ஞாபகம் வைத்தால் குழம்பாது.

எல்லாம் ஈரற் கலம்தானே. இடத்துக்கு இடம் ஏன் வேலை மாறுது?

வழுக்கியில் வழமையான சாயம் போட்டுப் பார்த்தால் இருபது கலங்களும் ஏறத்தாழ ஒரே முகம்தான். உள்ளே இருக்கும் நொதியங்கள்தான் வேறு.

ஒட்சிசன் அதிகம் தேவைப்படும் வேலைகள் வலயம் 1இல் கூடுதலாக நடக்கின்றன: கொழுப்பமிலத்தை எரிப்பது, லக்ரேற்றிலிருந்தும் அமினோ அமிலத்திலிருந்தும் புதிதாகக் குளுக்கோசு செய்வது, அமோனியாவை யூரியாவாக்குவது. வலயம் 3இல் குளுக்கோசை உடைப்பதும், கொழுப்பைக் கட்டுவதும், மருந்தையும் நஞ்சையும் மாற்றும் சைட்டோகுரோம் பி-450 நொதியங்களும் கூடுதல். இவை சுவர் கட்டிப் பிரித்த பிரிவுகள் அல்ல, சாய்வுகள். வலயம் 1இல் சைட்டோகுரோம் இல்லை என்று எழுதினால் பிழை. குறைவு என்று எழுத வேண்டும்.

ஒட்சிசன் ஒரு காரணம், ஆனால் அது மட்டும் இல்லை. மைய நாளத்தின் உட்சுவர்க் கலங்கள் வின்ற் என்ற சைகைப் புரதத்தைச் சுரக்கின்றன. அது எட்டும் தூரத்திலுள்ள ஈரற் கலங்கள் வலயம் 3க்குரிய மரபணுக்களைத் திறந்துகொள்கின்றன. இதற்கு மிக அழகான சாட்சி குளுட்டமின் தொகுப்பு நொதியம். மைய நாளத்தை ஒட்டி ஒன்று முதல் மூன்று வரிசைக் கலங்களில் மட்டும் அது இருக்கும். அடுத்த வரிசையில் பார்த்தால் சுத்தமாக இல்லை. சாயம் போட்டால் நாளத்தைச் சுற்றி ஒரு மோதிரம் போலத் தெரியும். யூரியாவாக மாறாமல் தப்பி வந்த அமோனியாவை இரத்தம் ஈரலை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் பிடிப்பது இந்த வரிசைதான்.

சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம். கிளைக்கோசன் எத்தனை மணித்தியாலத்துக்கு வரும்?

வயிறாரச் சாப்பிட்ட ஒருவரின் ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் கிளைக்கோசன் இருக்கும். 400 கலோரி. மூளை மட்டும் மணித்தியாலத்துக்கு 5 கிராம் அளவு குளுக்கோசு கேட்கும், சிவப்பணுக்கள் தனியாகக் கேட்கும். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் எடுக்காவிட்டால் அடுத்த நாள் அந்த நேரம் வரும்போது ஈரலில் கிளைக்கோசன் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். தசையில் இதைவிடப் பல மடங்கு உண்டு, ஆனால் தசைக்குக் குளுக்கோசு-6-பொசுபற்றேசு என்ற நொதியம் இல்லாததால் குளுக்கோசாக்கி இரத்தத்துக்குக் கொடுக்க முடியாது. அது தனக்கு மட்டும்.

அப்புறம் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது, அதாவது சுகதேகிக்கு. வலயம் 1 கலங்கள் தசைப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலத்தையும், கொழுப்பிலிருந்து வரும் கிளிசரோலையும் கொண்டு குளுக்கோசு செய்யத் தொடங்கும். கொழுப்பிலிருந்து கீற்றோன்களும் வரும். விரதகாரருக்கு மூன்றாம் நாள் வாயில் வரும் அந்த ஒருவித மணம் அதுதான். ஆறு நாள் ஒரு நேரம் பாலும் பழமும் எடுப்பவருக்கு இது பெரிய விடயமே இல்லை. ஆனால் இரண்டு களஞ்சியங்கள் அந்த நாட்களில் வற்றியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒன்று கிளைக்கோசன். மற்றது கலத்துக்குள் நஞ்சைக் கட்டும் குளுட்டதயோன், அதற்குத் தேவையான சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பனடோல் நஞ்சு என்கிறார்கள். பிறகு ஏன் டெங்குக்கு அதையே குடுக்கினம்?

அளவோடு எடுத்தால் காய்ச்சலுக்கு அதைவிடப் பாதுகாப்பான குளிசை வேறில்லை. டெங்குக் காலத்தில் அஸ்பிரின், இபுபுரொபென், டைக்குளோபெனாக் எல்லாம் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் பனடோலில் உள்ள பரசிற்றமோல் ஒன்றுதான் மிஞ்சுகிறது. நஞ்சாவது பரசிற்றமோல் அல்ல, அதை ஈரல் மாற்றும்போது பிறக்கும் ஒரு சின்னப் பகுதி.

ஈரல் இந்தக் குளிசையை மூன்று வழியில் அனுப்புகிறது. பாதிக்கு மேல் குளுக்குரோனிக் அமிலத்தோடும், மூன்றில் ஒரு பங்கு அளவு சல்பேற்றோடும் ஒட்டப்பட்டுச் சிறுநீரில் போய்விடும். இவை இரண்டும் பாதுகாப்பான வழிகள். மீதி நூற்றுக்கு 5 முதல் 10 வரை சைட்டோகுரோமின் 2ஈ1 என்ற வகையிடம் போகிறது. அது செய்து வைக்கும் பொருளை நாப்கி என்று சுருக்கிச் சொல்வார்கள். நாப்கி அருகிலிருக்கும் எந்தப் புரதத்திலும் ஒட்டிக்கொள்ளும். கலத்துக்குள் இருக்கும் குளுட்டதயோன் முதலில் தன்னைக் கொடுத்து அதைக் கட்டிவிடுவதால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அளவு கூடும்போது சல்பேற்று வழி முதலில் நிரம்பிவிடும், குளுக்குரோனிக் வழி பின்னால் நிரம்பும். மிச்சம் எல்லாம் மூன்றாம் வழிக்குத் திரும்பும். குளுட்டதயோன் வழமையான அளவின் மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்கியதும் நாப்கி இழைமணிகளின் புரதங்களில் ஒட்டத் தொடங்குகிறது. இழைமணி படுத்தால் கலத்துக்குச் சக்தி இல்லை. கலம் வீங்கி வெடித்துச் சாகிறது.

சரி, குளிசை எல்லாக் கலத்துக்கும்தானே போகுது. ஏன் மைய நாளத்தைச் சுற்றி மட்டும் சாகுது?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இதுதான். இன்னும் சொன்னால், வாயினாளத்து இரத்தம் முதலில் தொடுவது வலயம் 1ஐ. மருந்தின் செறிவு அங்கேதான் அதிகம். அதனால் அங்கேதான் முதலில் அடி விழ வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் குளிசை அங்கே அவ்வளவாக நஞ்சாவதில்லை.

நஞ்சைச் செய்யும் 2ஈ1 நொதியம் வலயம் 3இல் கூட. நஞ்சைக் கட்டும் குளுட்டதயோன் வலயம் 3இல் குறைவு. இழைமணிக்குத் தேவையான ஒட்சிசனும் அங்கேதான் குறைவு. மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. வழுக்கியில் இதைப் பார்த்தால் மறக்க முடியாது: மூலையைச் சுற்றியுள்ள கலங்கள் இளஞ்சிவப்பாக, உருண்டைக் கருவோடு அப்படியே இருக்கும், மைய நாளத்தைச் சுற்றி வட்டமாகக் கரு இல்லாத வெறும் நிழல்கள். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் வெட்டியது போல ஒரு எல்லை.

கடுமையான அதிர்ச்சி நிலையில் இரத்த அமுக்கம் விழுந்தாலும் இதே வட்டம்தான் சாகும். அங்கே நஞ்சு இல்லை, ஒட்சிசன் பற்றாக்குறை மட்டும். எனவே வழுக்கியை மட்டும் பார்த்துக் காரணம் சொல்லக் கூடாது.

அம்மாவுக்குக் காய்ச்சல். விரதத்தையும் விடமாட்டா. நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா இரண்டு குளிசை போடுறா. பயப்பட வேணுமா?

வேண்டும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அம்மாவின் நிறை 45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் அந்த வயதில் அது சாதாரணம்.

நிறை 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு முறைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராம் என்பதுதான் எல்லை. அம்மாவுக்கு நாளுக்கு 2.7 கிராம், அதாவது 500 மில்லிகிராம் குளிசை ஐந்து. நாலு மணித்தியாலத்துக்கு இரண்டு என்றால் நாளுக்குப் பன்னிரண்டு, 6 கிராம். அதோடு மூக்கடைப்புக்குப் பாமசியில் வாங்கிய தடிமன் குளிசை மூன்று. அந்தப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலும் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இருக்கும். அது 1.5 கிராம். மொத்தம் 7.5 கிராம், கிலோவுக்கு 167 மில்லிகிராம். 24 மணித்தியாலத்தில் கிலோவுக்கு 150ஐத் தாண்டினால் ஈரல் பாதிப்புக்கு இடமுண்டு என்று கணிப்பார்கள். நம் கணக்கில் அம்மா இரண்டு நாள் அப்படியே எடுத்திருக்கிறார்.

இனி விரதத்தைச் சேருங்கள். குளுக்குரோனிக் அமிலத்தை ஈரல் செய்வது குளுக்கோசிலிருந்து, கிளைக்கோசன் வற்றினால் அந்த வழி சுருங்கும். சல்பேற்றும் குளுட்டதயோனும் சிஸ்ரீனை நம்பியவை. சாப்பாடு இல்லையென்றால் அவையும் குறையும். பாதுகாப்பான இரண்டு வழியும், நஞ்சைக் கட்டும் பொருளும் ஒரே சமயத்தில் மெலிந்துவிட்டன. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவருக்குத் தாங்கக்கூடிய அளவு இவருக்குத் தாங்காமல் போகலாம்.

முதல் நாளில் என்ன தெரியும்? சத்தி, சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. எல்லாம் காய்ச்சலுக்கும் வரும், விரதத்துக்கும் வரும். இதுதான் பொல்லாத இடம். இரண்டாம் மூன்றாம் நாள் வலது விலாவுக்குக் கீழே நோ வரும், இரத்தத்தில் ஏ.எல்.ரி என்ற ஈரல் நொதியம் ஆயிரக்கணக்கில் ஏறும். மூன்றாம் நான்காம் நாளில் உச்சம். கண் மஞ்சளாவது, இரத்தம் உறையாதது, தடுமாறிப் பேசுவது எல்லாம் அப்போதுதான். செங்கண்மாரி தெரியட்டும் என்று காத்திருப்பவர் மருந்துக்குரிய நேரத்தைத் தொலைத்துவிட்டார். கூடுதலாக எடுத்தது தெரிந்தால், உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் குளிசைப் பெட்டிகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரிப்போட்டில் அல்புமின் 38. நோர்மல் என்று எழுதியிருக்கு. அப்போ ஈரல் நல்லாத்தானே வேலை செய்யுது?

அந்த இலக்கம் உங்களுக்குச் சொல்வது போன மாதத்துக் கதை.

அல்புமின் ஈரல் செய்து இரத்தத்துக்கு விடும் புரதம். நாளுக்கு 10 முதல் 15 கிராம் செய்கிறது. கலத்தின் அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலையிலுள்ள இறைபோசோம்களில் சங்கிலி கோக்கப்பட்டு, தலைப்பகுதி வெட்டப்பட்டு, கொல்கி உபகரணம் வழியாக அரை மணித்தியாலத்துக்குள் வெளியே விடப்படும். ஈரல் அதைச் சேமித்து வைப்பதில்லை. ஆனால் ஒருமுறை இரத்தத்துக்கு வந்துவிட்டால் அதன் அரைவாழ்வு ஏறத்தாழ 20 நாள். ஈரல் முழுவதும் இன்று அல்புமின் செய்வதை நிறுத்தினாலும், 42ஆக இருந்தது மூன்று நாளில் 38க்குத்தான் இறங்கும். ரிப்போட்டில் அது இன்னும் நோர்மல்.

இரத்தம் உறையவைக்கும் காரணிகளும் இதே ஈரலில் இதே முறையில் செய்யப்படும் புரதங்கள்தான். அவற்றில் காரணி 7இன் அரைவாழ்வு 5 மணித்தியாலம் அளவு. உற்பத்தி நின்றால் ஒரு நாளில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அந்தக் குறைவு ஐ.என்.ஆர் என்ற இலக்கத்தில் ஏற்றமாகத் தெரியும். ஆகவே இந்த நோயில் மருத்துவர் பகலும் இரவும் பார்ப்பது ஐ.என்.ஆரை. 1க்குக் கிட்ட இருந்தால் புரதம் கோக்கும் கலங்கள் போதிய அளவு மிஞ்சியிருக்கின்றன. 2, 3, 4 என்று ஏறினால் சாவு வலயம் 3ஐத் தாண்டி வெளியே பரவுகிறது.

அதோடு இரத்தச் சீனியையும் பாருங்கள். சீனி விழுகிறது என்றால் குளுக்கோசு செய்யும் வலயம் 1ம் தடுமாறுகிறது என்று பொருள். விரதத்தால் கிளைக்கோசனும் இல்லாதவருக்கு அது இரட்டை அடி. வார்ட்டில் டெக்ஸ்ரோஸ் ஏற்றுவதும், சில மணிக்கொருமுறை விரலில் குத்திச் சீனி பார்ப்பதும் அதனால்தான்.

நேற்று ஏ.எல்.ரி 7000, இன்றைக்கு 3000. தேறிவிட்டார்தானே?

ஐ.என்.ஆரும் சேர்ந்து இறங்கினால் ஆம். ஏ.எல்.ரி என்பது செத்த கலத்திலிருந்து கசியும் நொதியம். சாவு நின்றாலும் அது இறங்கும். சாவதற்குக் கலம் மிஞ்சவில்லை என்றாலும் இறங்கும். ஏ.எல்.ரி இறங்க, ஐ.என்.ஆர் ஏற, நோயாளி குழம்பிப் பேசத் தொடங்கினால் அது மோசமான கூட்டணி.

டெங்குவிலும் இந்த நொதியங்கள் ஏறும் என்பதால் இரண்டையும் பிரிப்பது சுலபமல்ல. டெங்குவில் பொதுவாக ஏ.எஸ்.ரி என்ற மற்ற நொதியம் ஏ.எல்.ரியை விடக் கூடுதலாக இருக்கும், ஏற்றமும் பெரும்பாலும் சில நூறுகளோடு நிற்கும். பல ஆயிரங்கள் கண்டால் எத்தனை குளிசை என்று எண்ணிக் கேட்பதே முதல் வேலை.

இதற்கு மாற்று மருந்து இருக்கா?

இருக்கிறது, அதுவும் நல்ல மருந்து: அசற்றைல்சிஸ்ரீன். பெயரிலேயே சிஸ்ரீன் இருக்கிறது பாருங்கள். குளுட்டதயோன் செய்யக் கலத்துக்கு எது தட்டுப்பாடோ அதையே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒரே தடவையில் கூடுதலாக விழுங்கியவருக்கு எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் ஈரலை ஏறத்தாழ முழுமையாகக் காப்பாற்றிவிடும். பிந்தினால் பலன் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. ஈரல் செயலிழந்த பிறகும் கொடுக்கிறார்கள்.

வழமையான முறையில் கிலோவுக்கு 150 மில்லிகிராம் முதல் ஒரு மணித்தியாலத்தில், 50 அடுத்த நாலில், 100 அடுத்த பதினாறில் நாளம் வழியாக ஏற்றப்படும். மொத்தம் 21 மணித்தியாலம், கிலோவுக்கு 300. நம் 45 கிலோ அம்மாவுக்கு 13.5 கிராம். முதல் மணித்தியாலத்தில் சிலருக்கு உடம்பு சிவந்து கடிக்கும், மூச்சு இழுக்கும். நிறுத்தி, சமாளித்து, மெதுவாகத் திரும்பத் தொடங்குவார்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டுக்காரர் சண்டைபிடித்து நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. விழுங்கி நாலு மணித்தியாலம் கழித்து இரத்தத்தில் பரசிற்றமோல் அளவைப் பார்த்து, ஒரு வரைபில் வைத்து, மருந்து வேண்டுமா இல்லையா என்று முடிவெடுக்கும் முறை 1975 முதல் உண்டு. அது ஒரே தடவையில் விழுங்கியவருக்கு மட்டும். இரண்டு நாளாகச் சிறுகச் சிறுக எடுத்த அம்மாவுக்கு அந்த வரைபு பொருந்தாது. இரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டும், ஈரல் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். அவருக்கு எடுத்த மொத்த அளவும் ஏ.எல்.ரியும் ஐ.என்.ஆரும்தான் வழிகாட்டி.

கள்ளுக் குடிக்கிறவருக்கு?

தினமும் குடிப்பவருக்கு 2ஈ1 நொதியம் கூடியிருக்கும், சாப்பாடு சரியில்லாததால் குளுட்டதயோன் குறைந்திருக்கும். எல்லையை அவருக்குக் கீழே இறக்கித்தான் வைக்க வேண்டும். குடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மதுசாரமே அந்த நொதியத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதனால் சற்றுப் பாதுகாப்புக்கூட உண்டு. ஆபத்து குடியை நிறுத்திய அடுத்த நாள், தலையிடிக்குக் குளிசை தேடும்போது. பனங்கள்ளோ சாராயமோ, கலத்துக்கு இரண்டும் எதனோல்தான்.

வேறு வலயத்தைத் தாக்கும் நஞ்சு இல்லையா?

உண்டு. சில எலிப் பசைகளில் இருக்கும் மஞ்சள் பொசுபரசும், குழந்தைகள் அள்ளி விழுங்கிவிடும் இரும்புச் சத்துக் குளிசையும் மூலையைச் சுற்றிய வலயம் 1ஐத் தாக்குகின்றன. அவற்றை நஞ்சாக்க வலயம் 3இன் நொதியம் தேவையில்லை. முதலில் தொடும் கலம் முதலில் வாங்கிக்கட்டுகிறது. மஞ்சட் காய்ச்சல் வைரசு நடு வலயத்தைப் பிடிப்பதற்குப் பேர்போனது.

செத்த கலம் செத்ததுதானே. பிழைத்தவருக்கு ஈரலில் வடு இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. கலங்கள் செத்தாலும் அவற்றைத் தாங்கி நின்ற மெல்லிய நார்ச்சட்டம் விழாமல் நிற்கும். ஈரலிலேயே இருக்கும் விழுங்கிகளான குப்பர் கலங்களும் இரத்தத்திலிருந்து வரும் விழுங்கிக் கலங்களும் செத்த குப்பையை அள்ளி முடிக்க, விளிம்பில் தப்பியவை பிரிந்து அதே சட்டத்தில் உள்நோக்கி நிரம்பும். புதிதாக மைய நாளத்துக்குக் கிட்ட வந்து நிற்கும் கலம், வின்ற் சைகை கிடைத்ததும் வலயம் 3க்குரிய நொதியங்களை எடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் வழுக்கியில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

நீண்ட காலம் குடிப்பவரின் கதை வேறு. அங்கேயும் அடி விழுவது மைய நாளத்தைச் சுற்றித்தான், ஆனால் ஒரு நாளில் நின்றுவிடுவதில்லை. சைனுசொயிட்டுக்கும் ஈரற் கலத்துக்கும் இடையில் விற்றமின் ஏ சேமித்துக்கொண்டு சும்மா இருக்கும் விண்மீன் கலங்கள் திரும்பத் திரும்ப உசுப்பப்பட்டு, நார் சுரக்கத் தொடங்குகின்றன. அந்த நார் முதலில் மைய நாளத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோலப் படியும், பிறகு மூலைகளை நோக்கி நீளும். அப்போது சட்டமே மாறிவிடுவதால், தப்பிய கலங்கள் பிரிந்து பெருகினாலும் சிறுசோணையாகச் சேர முடியாமல் முடிச்சு முடிச்சாகத்தான் வளரும்.